28 ரூமுக்கு எத்தனை பேர், யார் எப்போது வர வேண்டும்?

*கும்பகோணத்தில் 28 ரூம் உள்ள சின்ன ஹோட்டலைப் பார்த்துக்கொள்கிறேன். செக்அவுட் 12 மணி, செக்இன் 2 மணி. ஹவுஸ்கீப்பிங்கில் நாலு பேர். சில நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சில நாள் 3 மணி ஆகியும் ரூம் தயாராவதில்லை, கெஸ்ட் லாபியில் காத்திருக்கிறார்கள். முதலாளி இன்னும் ஒரு ஆள் போடலாமா என்கிறார். ஒரு ரூமுக்கு எத்தனை நிமிடம் என்று வைத்து, எத்தனை பேர் வேண்டும், யாரை எப்போது வரச் சொல்ல வேண்டும் என்று கணக்குப் போடுவது எப்படி?*

ஐந்தாவது ஆளை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆள் போதும், மதியம் 12 முதல் 2 வரையிலான நேரம்தான் போதவில்லை. ரூம் எண்ணிக்கையை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணினால் இது கண்ணுக்குத் தெரியும்.

முதலில் உங்கள் ஹோட்டலின் நிமிடங்கள் வேண்டும். பெரிய ஹோட்டல் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். லிஃப்ட் இருக்கிறதா, பாத்ரூம் டைல்ஸ் எந்த நிறம், போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதை வைத்தே நிமிடம் மாறும். உப்புத் தண்ணீர் ஊரில் குழாயிலும் கண்ணாடியிலும் வெள்ளைக்கறை படிந்துகொண்டே இருக்கும். அதைத் தேய்க்க மட்டும் ரூமுக்கு 3, 4 நிமிடம் கூடப் போகும்.

ஸ்டாப்வாட்ச்சோடு பக்கத்தில் போய் நிற்க வேண்டாம். நின்றால் பாதிப் பேர் பறப்பார்கள், மீதிப் பேர் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார்கள். அவர்கள் கையில் இருக்கும் ரூம் ஷீட்டிலேயே உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் என்று இரண்டு கட்டம் போட்டுக் கொடுங்கள். ஒரு வாரத்தில் ஒவ்வொரு வகை ரூமுக்கும் 15, 20 பதிவு கிடைத்துவிடும். அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். சராசரி போட்டால், குழந்தை வாந்தி எடுத்து வைத்த ஒரே ரூம் மொத்தக் கணக்கையும் இழுத்துவிடும்.

ஒரு செக்அவுட் ரூமுக்குள் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். கதவைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, லைட், டிவி ரிமோட், டவல் எண்ணிக்கை சரிபார்த்து, குப்பை எடுத்து, அழுக்கு ஷீட்டை உருவி வெளியே போட 5 நிமிடம். உடனே பாத்ரூம் போய் கமோடிலும் டைல்ஸிலும் கிளீனரை ஊற்றிவிட்டு வந்துவிட வேண்டும். அது ஊறுகிற நேரத்தில் டபுள் பெட் விரிக்க 7 நிமிடம், மேஜை, அலமாரி, ஸ்விட்ச் போர்டு, ஜன்னல் விளிம்பு துடைக்க 6 நிமிடம். திரும்பப் போய் பாத்ரூம் தேய்த்துக் கழுவித் துடைக்க 12 நிமிடம். சோப்பு, ஷாம்பு, டவல், தண்ணீர் பாட்டில் வைக்க 4. கடைசியாகப் பெருக்கி, உள்ளிருந்து கதவை நோக்கி மாப் போட 6. ஆக 40. இதையே பாத்ரூமை முதலில் முடித்துவிட்டு பெட்டுக்கு வருகிறவர் செய்தால் 45 ஆகும். கிளீனர் ஊறாததால் கை வலிக்கத் தேய்க்க வேண்டியிருக்கும்.

உங்களுடைய அளவு வரும்வரை கீழே உள்ள எண்களை வைத்துக்கொள்ளலாம். சாதாரண டபுள் ரூம் செக்அவுட்டுக்கு 40 நிமிடம், ஃபேமிலி ரூமுக்கு 55, கெஸ்ட் தங்கியிருக்கும் ஸ்டே ரூமுக்கு 20, காலி ரூமைத் திறந்து தூசி தட்டி ஃப்ளஷ் ஒருமுறை அழுத்திப் பார்க்க 5, எக்ஸ்ட்ரா பெட் ஒன்றுக்குக் கூடுதலாக 6. லாபி, வராந்தா, படிக்கட்டு, பொதுக் கழிப்பறை எல்லாம் சேர்த்து நாளுக்கு 110.

நிமிடத்தைக் குறைத்துப் பார்க்கும் ஆசை எல்லா மேனேஜருக்கும் வரும். எனக்கும் வந்தது. நான் முதன்முதலில் சூப்பர்வைசராக இருந்த ஹோட்டலில் 40 நிமிடத்தை 30 ஆக்கிக் காட்டிப் பாராட்டும் வாங்கினேன். ஒரு மாதத்தில் பாத்ரூம் ஜல்லடையில் முடி, கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் கவர் என்று புகார் வர ஆரம்பித்தது. ஒரு நாள் சொல்லாமல் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கெஸ்ட் போட்டுவிட்டுப் போன டவலாலேயே தண்ணீர் கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். அடியில் விரித்த ஷீட் சுருங்காமல் இருந்தால் மாற்றாமல் கையால் நீவிவிட்டு மேலே போர்வையை மடித்து வைப்பதும் நடந்திருக்கிறது. ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. நான்தான் 10 நிமிடத்தைத் திருடியிருந்தேன், அவர்கள் அதைக் கண்ணுக்குத் தெரியாத இடங்களிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஆகவே நீங்கள் வைத்த நிமிடம் குறைச்சலா என்று தெரிய வேண்டுமானால் ஜல்லடையைத் தூக்கிப் பாருங்கள், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். மேஜையையும் கண்ணாடியையும் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சரி, அடுத்தது ஒரு ஆளிடம் உண்மையில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்பது. 8 மணி நேர ஷிப்ட் என்றால் 480 நிமிடம். அதில் சாப்பாடு 30, இரண்டு டீக்கு 15 வீதம் 30, காலையில் ட்ராலியில் சாமான் அடுக்க 20, முடிக்கும்போது அழுக்குத் துணி எண்ணி, சாவி கொடுத்து, ட்ராலி கழுவ 20. மீதி 380. அதுவும் முழுசாகக் கிடைக்காது. "205-க்கு ஒரு டவல்", "கீழே காபி கொட்டிவிட்டது" என்று ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பத்தில் ஒரு பங்கை அதற்கு விட்டுவிடுங்கள். கடைசியில் கையில் நிற்பது 342 நிமிடம். 480-ஐ வைத்து வகுத்துவிட்டு, ஆட்கள் சோம்பேறிகள் என்று முடிவுக்கு வந்த முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் ஹோட்டலுக்கு ஒரு திங்கட்கிழமையை எடுத்துப் பார்ப்போம். ஞாயிறு இரவு 26 ரூம் நிறைந்திருக்கிறது, 2 காலி. திங்கள் செக்அவுட் 16, அதில் 2 ஃபேமிலி ரூம். 10 பேர் தொடர்ந்து தங்குகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்காக 5 எக்ஸ்ட்ரா பெட் போட வேண்டும். சாதாரண செக்அவுட் 14-க்கு 560, ஃபேமிலி ரூமுக்கு 110, ஸ்டே ரூமுக்கு 200, காலி ரூமுக்கு 10, எக்ஸ்ட்ரா பெட்டுக்கு 30, பொது இடங்களுக்கு 110. மொத்தம் 1020 நிமிடம். 342-ஆல் வகுத்தால் 2.98. மூன்று பேர்.

எக்செல்லில் வேண்டுமானால் B2 முதல் B6 வரை முறையே சாதாரண செக்அவுட், ஃபேமிலி செக்அவுட், ஸ்டே, காலி, எக்ஸ்ட்ரா பெட் எண்ணிக்கையையும், B7-ல் பொது இட நிமிடத்தையும் போட்டுவிட்டு இப்படி எழுதலாம்:

```
=(B2*40+B3*55+B4*20+B5*5+B6*6+B7)/342
```

வேண்டுமென்றேதான் இதில் முழு எண்ணாக ஏற்றவில்லை. விடை 3.1 என்று வந்தால் நாலாவது ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. அந்த 0.1 என்பது முப்பது சொச்சம் நிமிடம். படிக்கட்டு துடைப்பதை நாளைக்குத் தள்ளினாலே சரியாகிவிடும். 3.4 என்று வந்தால் கூப்பிடுங்கள்.

ஆக, உங்களுக்குக் கடினமான நாளிலும் மூன்று பேர் போதும் என்று கணக்கு சொல்கிறது. அப்புறம் ஏன் 3 மணிக்கு கெஸ்ட் லாபியில் உட்கார்ந்திருக்கிறார்? நாள் முழுவதற்குமான மொத்தம் சரியாக இருந்தாலும், வேலை நாள் முழுவதும் சமமாகப் பரவி வராது. கெஸ்ட் காலி செய்யாத ரூமை யாரும் சுத்தம் செய்ய முடியாது. அதே திங்கட்கிழமையை மணிவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

16 செக்அவுட்டில் 4 பேர் காலை 8-க்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். 3 பேர் 10 மணிக்குள். மீதி 9 பேர், இரண்டு ஃபேமிலி ரூம் உட்பட, 11-க்கு மேல்தான் பெட்டியைக் கட்டுகிறார்கள். 2 மணிக்கு வரப்போகிறவர்களுக்கு 15 ரூம் வேண்டும். காலி ரூம் 2, சீக்கிரம் போன ரூம் 7, ஆக 9 முன்பே தயாராகிவிடும். மீதி 6 ரூமைக் கடைசியாகக் காலியாகும் 9-லிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த ஆறில் ஃபேமிலி ரூம் இரண்டும் இருக்கின்றன, எக்ஸ்ட்ரா பெட் ஐந்தும் அங்கேதான். நாலு நாற்பது 160, இரண்டு ஐம்பத்தைந்து 110, பெட்டுக்கு 30. 12-க்கும் 2-க்கும் நடுவில் 300 நிமிட வேலை.

அந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று பேரிடம் இருப்பது 360 நிமிடம். ஆனால் எல்லாரும் 1 மணிக்கு ஒன்றாகச் சாப்பிடப் போகிறார்கள் அல்லவா? 90 போய்விட்டது. ரிசப்ஷன் கூப்பிடுவதற்குப் பத்தில் ஒரு பங்கு கழித்தால் 243. பற்றாக்குறை 57 நிமிடம், ஒன்றரை ரூம். பாதி ரூமை யாருக்கும் கொடுக்க முடியாது, ஆகவே இரண்டு குடும்பம் லாபியில். நாலாவது ஆள் இருந்தால் இது மறையும்தான். ஆனால் மற்ற ஆறு மணி நேரமும் அவருக்கு வேலை இருக்காது. நீங்கள் பார்க்கும் "சும்மா உட்கார்ந்திருப்பது" பெரும்பாலும் இதுதான்.

சாப்பாட்டு நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஒருவர் 11:30-க்குச் சாப்பிட்டுவிடட்டும், மற்ற இருவரும் 2 மணிக்கு மேல். அதே மூன்று பேரிடம் அந்த இடைவெளியில் 324 நிமிடம் கிடைக்கும். 300 தேவை. ஒரு ரூபாய் செலவில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன், 2 மணிவரை பசியோடு வேலை வாங்கக் கூடாது. அந்த இருவருக்கும் 10:30, 11 மணி டீயோடு இரண்டு இட்லியோ வடையோ ஹோட்டல் செலவில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒரு வாரத்தில் எல்லாரும் பழையபடி 1 மணிக்கே போவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

அடுத்து வருகை நேரம். மூன்று பேரும் 8 மணிக்கு வர வேண்டியதில்லை. ஒருவர் 6:30 முதல் 2:30, இருவர் 9 முதல் 5. கும்பகோணத்துக்கு இது மிகவும் பொருந்தும். நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிறவர்கள் விடிவதற்குள் காரில் ஏறிவிடுவார்கள், சென்னையிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்கள் விடியற்காலையில் பையோடு வந்து நிற்பார்கள். 6:30 ஆள், கெஸ்ட் நடமாடுவதற்குள் லாபியையும் கழிப்பறையையும் முடித்துவிட்டு, சீக்கிரம் போன ரூம்களில் ஒன்றிரண்டை ரயில் கெஸ்ட்டுக்குத் தயார் செய்துவிடலாம். பக்கத்து ரூமில் தூங்குகிறவர்கள் இருப்பார்கள், ஆகவே வராந்தாவில் பக்கெட்டை இழுக்கும் சத்தம் மட்டும் கூடாது.

இப்படி வைத்தால், சாமான் அடுக்குவது, டீ, 11:30 சாப்பாடு, ரிசப்ஷன் கூப்பிடும் பங்கு எல்லாம் கழித்து, 12 மணிக்குள் மூவரிடமும் சேர்த்து 486 நிமிடம் கிடைக்கிறது. காலையில் போன 7 ரூமுக்கு 280, பொது இடங்களுக்கு 110, காலி ரூமுக்கு 10, ஸ்டே ரூம் நாலுக்கு 80, ஆக 480 நிமிட வேலையை அதில் முடிக்கலாம். மீதி 6 ஸ்டே ரூம் 2 மணிக்கு மேல். கோயில் சுற்றப் போனவர்கள் சாயங்காலம்தான் திரும்புவார்கள், அவர்கள் ரூம் 4 மணிக்கு முடிந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. யார் எப்போது திரும்புகிறார்கள் என்று சாவி வாங்கும்போதே ரிசப்ஷனில் கேட்டு ஷீட்டில் குறித்துவிடுங்கள். 2 மணிக்கு மேல் அந்த ஆறும், மீந்த மூன்று செக்அவுட்டும் சேர்த்து 240 நிமிடம். அந்த நேரத்தில் அதேபோல் எல்லாம் கழித்துக் கையில் 216 இருக்கும், முன்னால் 6-ம் 24-மாக மிச்சம் பிடித்த 30-ஐச் சேர்த்தால் போதும். கடைசி மூன்று செக்அவுட் ரூம்களில் 2 மணிக்கு யாரும் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த ரூமை முதலில் எடுப்பது என்பதை வருகிறவர் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ரூம் நம்பர் வரிசையில் போகக் கூடாது.

மிச்சம் இவ்வளவு மெலிதாக இருப்பதால், கணக்குக்கு வெளியே உள்ள இரண்டு விஷயம் இதைக் கவிழ்க்கும். ஒன்று துணி. கட்டிலில் ஒரு செட், சலவையில் ஒரு செட், அலமாரியில் ஒரு செட் என்று ரூமுக்கு மூன்று செட் இல்லாவிட்டால், சலவை வண்டி வரும் நேரம்தான் உங்கள் ரூம் தயாராகும் நேரம். வண்டி 1 மணிக்கு வருகிறதென்றால் நிமிடக் கணக்கெல்லாம் காகிதத்தோடு சரி. கண்டுபிடிப்பது எளிது: 12:30-க்கு ஒரு சுற்று போய்ப் பாருங்கள். பாத்ரூம் பளிச்சென்று இருந்து கட்டில் மட்டும் மெத்தையோடு கிடந்தால், ஆளும் நேரமும் சரி, துணிதான் வரவில்லை.

இன்னொன்று, ரூம் முடிந்தது என்று ரிசப்ஷனுக்குத் தெரியாமல் இருப்பது. ஒரு ரூமைப் பார்த்து ஓகே சொல்ல 4, 5 நிமிடம் ஆகும். சூப்பர்வைசர் எல்லா ரூமையும் சேர்த்து 2 மணிக்குப் பார்க்கலாம் என்று இருந்தால், 12:40-க்கு முடிந்த ரூமும் 2:20-க்குத்தான் விற்பனைக்கு வரும். 12 முதல் 2 வரை ரூம் பார்ப்பதைத் தவிர வேறு வேலை அவருக்கு இருக்கக் கூடாது. முடிந்த உடனே வாட்ஸ்அப்பில் ரூம் நம்பரை மட்டும் போட்டாலும் போதும்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போதும் நிமிடத்தையே பிரியுங்கள். ஆளுக்கு 9 ரூம் என்று பிரித்தால், ஒருவருக்கு ஸ்டே ரூமாக விழும், இன்னொருவருக்கு இரண்டு ஃபேமிலி ரூமும் விழும். ஹவுஸ்கீப்பிங்கில் வருகிற சண்டையில் பாதி இதனால்தான். கூடியவரை ஒரு மாடி ஒருவருக்கு என்று இருக்கட்டும், ட்ராலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கும் நேரம் எந்த ஷீட்டிலும் வராது.

வாரத்துக்கு வந்தால், நாலு பேர் ஆறு நாள் வேலை என்றால் 24 ஷிப்ட். உங்கள் ஊரில் சனி, ஞாயிறுதான் ரூம் நிறையும். ஆனால் சுத்தம் செய்யும் வேலை உச்சத்துக்குப் போவது அதற்கு மறுநாள், ஏனென்றால் ஸ்டே ரூமுக்கு 20 நிமிடம், செக்அவுட்டுக்கு 40. ஞாயிறு கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை ஆஃப் கொடுப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. செவ்வாய் இருவருக்கு, புதன் ஒருவருக்கு, வியாழன் ஒருவருக்கு ஆஃப் கொடுங்கள். மேலே பார்த்தது வருகை அதிகமான கடினமான திங்கள். திங்கள் வருகை குறைவாக இருக்கும் சாதாரண வாரத்தில், செவ்வாய் 5 செக்அவுட், 6 ஸ்டே, 17 காலி என்று வைத்துக்கொண்டால் 515 நிமிடம், ஒன்றரை ஆள் வேலை. இரண்டு பேர் தாராளம். புதன், வியாழனில் மூன்று பேர் இருக்கும்போது மீதமாகும் நேரத்தில் திரைச்சீலை கழற்றுவது, மெத்தை திருப்புவது, ஏசி ஃபில்டர் கழுவுவது என்று நாளுக்கு ஒரு ரூமை முழுசாக எடுக்கலாம். வெள்ளி முதல் திங்கள் வரை நாலு பேரும் இருப்பார்கள். அதில் ஒருவர் லீவு போட்டாலும் மேலே போட்ட மூன்று பேர் கணக்கு நிற்கும்.

முகூர்த்த நாள் மட்டும் இதில் அடங்காது. கல்யாணக் கோஷ்டி 15 ரூம் எடுத்தால் முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டுவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் காலி செய்வார்கள், ரூமுக்கு மூன்று எக்ஸ்ட்ரா பெட், குளியலறை முழுக்க மஞ்சளும் பூவும். அன்றைக்கு செக்அவுட் நிமிடத்தை 40-க்குப் பதில் 50 என்று வைத்து, 12 முதல் 4 வரைக்கு மட்டும் இரண்டு தினக்கூலி ஆட்களைப் பிடியுங்கள். அவர்களை ரூமுக்குள் தனியாக விட வேண்டாம். ஷீட் உருவுவது, குப்பை அள்ளுவது, பெட் மடித்துக் கீழே கொண்டுபோவது மட்டும் அவர்கள் வேலை. அதுவே உங்கள் ஆளுக்கு ரூமுக்குப் பத்து நிமிடம் மிச்சமாக்கும்.

உங்கள் ஹோட்டலில் 12 மணி செக்அவுட் என்பதால் இவ்வளவு சொன்னேன். எதிர்காலத்தில் முதலாளி 24 மணி நேர செக்அவுட்டுக்கு மாற்றினால் இந்த 12–2 நெருக்கடி இருக்காது, ஆனால் ஷிப்டைத் திரும்பப் போட வேண்டும். அப்போது ரிஜிஸ்டரில் உள்ள செக்இன் நேரமே மறுநாள் ரூம் காலியாகும் நேரம், அதை மணிவாரியாக எண்ணினால் யார் எப்போது வர வேண்டும் என்று அதுவே காட்டும்.

இன்றைக்கு இரவு 9 மணிக்கு ரிசப்ஷனிலிருந்து நாளைய செக்அவுட், ஸ்டே, வருகை மூன்றையும் வாங்கி ஒருமுறை போட்டுப் பாருங்கள். காலை 10 மணிக்கு இன்னொரு முறை திருத்துங்கள், ஏனென்றால் ஸ்டே என்று சொன்னவர்களில் ஒருவராவது பெட்டியோடு இறங்கி வருவார், 'தொந்தரவு செய்யாதீர்' அட்டை மாட்டிய ரூமில் உங்களுக்கு 20 நிமிடம் மிச்சமாகும்.